பெட்ரோல் டேங்கர் டெலிவரி நோட்டில் லிட்டரைக் கிலோவாக மாற்றுவது எப்படி?

டேங்கர் லாரி பிற்பகல் வெயிலில் 12,000 லிட்டர் பெட்ரோல் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. ஏற்றும்போது பெட்ரோலின் வெப்பநிலை 32 டிகிரி. இரவெல்லாம் ஓடி, விடியற்காலையில் போய்ச் சேரும்போது 24 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. அங்கே அளந்து பார்த்தால் சுமார் 11,880 லிட்டர்தான் இருக்கும். ஒரு சொட்டுகூட வழியில் சிந்தவில்லை. ஆனாலும் ஏறக்குறைய 120 லிட்டரைக் காணோம். இந்த வேலைக்கு வந்த புதிதில், இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு ஓட்டுநர் ஒருவரை இரண்டு மணி நேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. குளிர்ந்த பெட்ரோல் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான்.

லிட்டர் வெப்பநிலையோடு சேர்ந்து கூடும், குறையும். கிலோ அப்படி மாறாது. டெலிவரி நோட்டில் நிறையையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். ஏற்றிய இடத்தில் 8,755 கிலோ என்றால், இறக்கும் இடத்திலும் அதே 8,755 கிலோதான் வரவேண்டும். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இந்த 12,000 லிட்டரையே வைத்துப் பார்ப்போம்.

பெருக்கல் எளிது, எதை எதோடு பெருக்குவது என்பதே கேள்வி

சூத்திரம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

```
kg = L × (kg/L)
```

லிட்டரை அடர்த்தியால் பெருக்கினால் கிலோ கிடைக்கும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு கிலோவுக்குக் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே கிலோ எண் எப்போதும் லிட்டர் எண்ணைவிடச் சிறியதாக வரவேண்டும். 12,000 லிட்டருக்கு 16,000 சொச்சம் கிலோ வந்தால், பெருக்குவதற்குப் பதில் வகுத்திருக்கிறீர்கள்.

இதற்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனை ஒன்று உண்டு. லிட்டர் எந்த வெப்பநிலையில் எடுத்ததோ, அடர்த்தியும் அதே வெப்பநிலைக்கு உரியதாக இருக்கவேண்டும். டெலிவரி நோட்டில் நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் நடந்தவை.

காரணம் இதுதான்: அடர்த்தியும் வெப்பநிலையோடு மாறுகிறது. பெட்ரோல் சூடானால் விரியும். அதே நிறை கூடுதல் இடத்தில் பரவுவதால் ஒவ்வொரு லிட்டரிலும் உள்ள கிலோ குறையும். சாதாரண பெட்ரோலில் ஒரு டிகிரி ஏறினால் அடர்த்தி சுமார் 0.0009 கிலோ/லிட்டர் இறங்கும். எண் சிறியதாகத் தெரியலாம். 12,000 லிட்டரில் அது டிகிரிக்கு ஏறக்குறைய 11 கிலோ.

எல்லோரும் ஒரே அளவுகோலில் பேசவேண்டும் என்பதற்காகப் பல நாடுகளில் 15 டிகிரி செல்சியஸைப் பொது வெப்பநிலையாக வைத்திருக்கிறார்கள். சுத்திகரிப்பு ஆலையோ டெர்மினலோ தரும் தரச் சான்றிதழில் "அடர்த்தி 15 டிகிரியில்" என்று இருப்பது இதனால்தான். ஐரோப்பியத் தரமான இஎன் 228, பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரியில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்கலாம் என்கிறது. கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். எனவே கன மீட்டருக்கு 745 கிலோ என்பதும் லிட்டருக்கு 0.745 கிலோ என்பதும் ஒன்றே.

முதலில் நோட்டை வாசியுங்கள்

கால்குலேட்டரை எடுக்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். இந்த லிட்டர் எந்த வெப்பநிலையில் எடுத்தது? இந்த அடர்த்தி எந்த வெப்பநிலைக்கு உரியது?

லிட்டரைப் பொறுத்தவரை, டிப் ராடு போட்டு அளந்திருந்தால் அது அப்போது டேங்கில் இருந்த வெப்பநிலையின் லிட்டர். மீட்டர் வழியாக ஏற்றியிருந்தால் கவனம் தேவை. சில மீட்டர்கள் தாமாகவே வெப்பநிலையைத் திருத்தி 15 டிகிரி லிட்டரை அச்சிடும். சில அப்படிச் செய்யாது. சில இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் அச்சிடும். ரசீதில் `GOV` என்று இருந்தால் அளந்தபோதிருந்த வெப்பநிலையின் லிட்டர். `GSV` என்றோ `15 °C` என்றோ இருந்தால் திருத்தப்பட்ட லிட்டர். எதுவும் எழுதியில்லை என்றால் ஊகிக்காதீர்கள். ஏற்றிய இடத்தில் கேட்டு, விடையை நோட்டிலேயே குறித்துவையுங்கள்.

அடர்த்தியும் அப்படித்தான். சான்றிதழிலிருந்து எடுத்தது என்றால் பெரும்பாலும் 15 டிகிரி. லாரி அருகிலேயே ஹைட்ரோமீட்டர் போட்டுப் பார்த்தது என்றால், மாதிரி அந்த நேரத்தில் இருந்த வெப்பநிலை.

இரண்டும் 15 டிகிரி என்றாலும், இரண்டும் 32 டிகிரி என்றாலும் நேராகப் பெருக்கிவிடலாம். வெவ்வேறு என்றால் ஒன்றை மற்றதற்கு இணையாக மாற்றிய பிறகே பெருக்கவேண்டும்.

வழக்கமாக வரும் நிலை: லிட்டர் 32 டிகிரியில், அடர்த்தி 15 டிகிரியில்

நம் லாரியின் நோட்டில் இருப்பது: 12,000 லிட்டர், வெப்பநிலை 32.0, சான்றிதழ் அடர்த்தி 15 டிகிரியில் 0.7450.

இங்கே 12,000 லிட்டரை 15 டிகிரி லிட்டராக மாற்றவேண்டும். அதற்குக் கன அளவுத் திருத்தக் காரணி என்ற எண் பயன்படுகிறது. படிவங்களில் இதை `VCF` என்று பார்ப்பீர்கள். "32 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர், 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் எவ்வளவு லிட்டராகச் சுருங்கும்?" என்பதற்கான விடைதான் அது. ஏஎஸ்டிஎம் டி1250 என்ற தரத்தின் அட்டவணைத் தொகுப்பில், பெட்ரோல், டீசல் போன்ற சுத்திகரித்த பொருட்களுக்கு உரியது 54பி. 15 டிகிரி அடர்த்திக்கு உரிய நெடுவரிசையையும் அளந்த வெப்பநிலைக்கு உரிய வரிசையையும் பிடித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் உள்ள எண்ணை எடுக்கவேண்டும். 745-க்கும் 32.0-க்கும் கிடைப்பது 0.9793.

அதன் பிறகு இரண்டே பெருக்கல்:

```
12000 × 0.9793 = 11751.6 → 11752 L (15 °C)
11751.6 × 0.7450 = 8754.9  → 8755 kg
```

அட்டவணை கையில் இல்லாமல் கணினியில் விரிதாளில் செய்வதாக இருந்தால், 1980-ல் வந்த 54பி அட்டவணைக்கு அடிப்படையான சமன்பாட்டையே போட்டுவிடலாம். B1-ல் லிட்டர், B2-ல் வெப்பநிலை, B3-ல் 15 டிகிரி அடர்த்தி (கன மீட்டருக்குக் கிலோ, அதாவது 745):

```
B4  =346.4228/B3^2+0.4388/B3
B5  =EXP(-B4*(B2-15)*(1+0.8*B4*(B2-15)))
B6  =ROUND(B1*B5*B3/1000,0)
```

B4-ல் வருவது ஒரு டிகிரிக்கு எவ்வளவு விரியும் என்ற எண். நம் பெட்ரோலுக்கு 0.00121. B5-ல் திருத்தக் காரணி, B6-ல் கிலோ. இதிலுள்ள இரண்டு மாறிலிகளும் பெட்ரோல் வகைக்கு மட்டும் உரியவை. அதே தாளில் டீசலைப் போட்டால் தவறான விடை வரும், தாள் எந்த எச்சரிக்கையும் காட்டாது. 15 டிகிரி அடர்த்தி 770-க்கு மேல் போனாலும் இந்த மாறிலிகளை நம்பவேண்டாம், அட்டவணையைத்தான் பார்க்கவேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் சற்று வேறுவிதமாக விரியும். எந்த அட்டவணையைப் பயன்படுத்துவது என்று வாங்குபவரும் விற்பவரும் ஒப்பந்தத்தில் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இரு பக்கமும் ஒரே அட்டவணையில் இருப்பது முக்கியம்.

மனக்கணக்காகச் சரிபார்க்க எளிய வழியும் உண்டு. 15-லிருந்து எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறதோ, அதை 0.12 சதவீதத்தால் பெருக்குங்கள். 17 டிகிரிக்கு 2.04 சதவீதம். 12,000-லிருந்து 2.04 சதவீதம் கழித்தால் 11,755 லிட்டர், அதை 0.745-ஆல் பெருக்கினால் 8,758 கிலோ. சரியான விடையிலிருந்து 3 கிலோதான் தள்ளி இருக்கிறது. நோட்டில் எழுத இது போதாது என்றாலும், பெரிய பிழையைப் பிடிக்கத் தாராளமாகப் போதும்.

ஹைட்ரோமீட்டர் போட்டுப் பார்த்தால்

சான்றிதழ் இல்லாதபோதும், சான்றிதழ் எண் மேல் சந்தேகம் வரும்போதும் அடர்த்தியை நேரில் அளப்பார்கள். 32 டிகிரியில் நம் பெட்ரோலில் ஹைட்ரோமீட்டர் 0.7295 காட்டும். லிட்டரும் 32 டிகிரியிலேயே எடுத்தது என்பதால் நேராகப் பெருக்கலாம்: 12,000 × 0.7295 = 8,754 கிலோ. முந்தைய வழியில் 8,755 வந்தது. ஒரு கிலோ வித்தியாசம் தசமத்தைச் சுருக்கியதால் வந்தது. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்த்தால், நம் கணக்கு சரி என்ற உறுதி கிடைக்கும். நேரம் இருக்கும்போது இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள்.

அளக்கும்போது நடக்கும் ஒரு நுட்பமான தவறைச் சொல்லவேண்டும். மாதிரியை ஜாடியில் ஊற்றி, நிழலான இடத்துக்குக் கொண்டுபோய், ஹைட்ரோமீட்டர் ஆடி அடங்கும்வரை காத்திருக்கிறோம். அதற்குள் ஜாடியில் உள்ள பெட்ரோல் 28 டிகிரிக்கு வந்துவிடுகிறது. ஹைட்ரோமீட்டர் இப்போது 0.7332 காட்டும். டேங்கில் இருப்பதோ இன்னும் 32 டிகிரி. 12,000-ஐ 0.7332-ஆல் பெருக்கினால் 8,798 வரும். 44 கிலோ கூடுதல். ஹைட்ரோமீட்டரும் சரி, வாசித்தவரும் சரி, பெருக்கலும் சரி. விடை மட்டும் தவறு.

ஆகவே தெர்மாமீட்டர் இரண்டு இடத்தில் வேண்டும்: டேங்கில் ஒருமுறை, ஜாடியில் ஒருமுறை. ஜாடி வெப்பநிலையை ஹைட்ரோமீட்டர் வாசிப்போடு சேர்த்தே எழுதுங்கள். இரண்டும் வேறுபட்டால் முறையான வழி, 53பி அட்டவணையைக் கொண்டு 0.7332-ஐ 15 டிகிரி அடர்த்தியாக மாற்றுவது. அது 0.7450 என்று வரும். பிறகு மேலே செய்தபடி 54பி. அவசரத்துக்கு, டிகிரிக்கு 0.0009 என்ற எண்ணை வைத்து 4 டிகிரிக்கு 0.0036 கழித்தால் 0.7296 கிடைக்கும்; 8,755 கிலோ.

ஹைட்ரோமீட்டரை வாசிக்கும்போது கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்கட்டும். தண்டோடு ஒட்டி மேலேறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு, பரந்த மட்டம் அளவுகோலை வெட்டும் கோட்டைப் படியுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் ஹைட்ரோமீட்டர் மிதந்து எழும்பி, அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். பெட்ரோல் திறந்திருக்கும்போது அதன் லேசான பகுதிகள் முதலில் ஆவியாகும், மிச்சம் இருப்பது கனமாகிக்கொண்டே போகும். ஜாடியை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் எண் மெல்ல ஏறும். புது மாதிரி எடுங்கள், உடனே வாசியுங்கள். பெட்ரோல் ஆவி தரையை ஒட்டிப் பரவும். எரியும் எதுவும், கைப்பேசியும் அந்த இடத்துக்கு வரக்கூடாது. மாதிரி எடுக்க அனுமதியும் பயிற்சியும் உள்ளவரே இதைச் செய்யவேண்டும்.

தவறை எண்ணே காட்டிக்கொடுக்கும்

32 டிகிரி லிட்டரை 15 டிகிரி அடர்த்தியால் பெருக்கியிருந்தால் என்ன ஆகும்? 12,000 × 0.7450 = 8,940 கிலோ. 185 கிலோ கூடுதல். இதற்கு நேர்மாறாக, திருத்திய 11,752 லிட்டரை 32 டிகிரி அடர்த்தியான 0.7295-ஆல் பெருக்கினால் 8,573. 182 கிலோ குறைவு. இரண்டாவது தவறு மீட்டர் தானாகத் திருத்திய இடங்களில் அதிகம் வரும். அங்கே வெப்பநிலைத் திருத்தம் இரண்டு முறை விழுந்துவிடுகிறது.

இரு பக்கத்துக் கணக்கும் ஒத்துப்போகாதபோது நான் முதலில் செய்வது, சிறிய கிலோவைப் பெரிய கிலோவால் வகுத்துப் பார்ப்பது. 8,755-ஐ 8,940-ஆல் வகுத்தால் 0.9793. இது அப்படியே நம் திருத்தக் காரணி! விகிதம் திருத்தக் காரணியோடு பொருந்தினால் பெட்ரோல் எங்கும் போகவில்லை, யாரோ வெப்பநிலையைக் கலந்துவிட்டார்கள் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். பொருந்தாவிட்டால்தான் அளவிலோ, வால்விலோ, வழியிலோ தேடவேண்டும். ஓட்டுநரைக் கேள்வி கேட்குமுன் இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிடுங்கள்.

இன்னொன்று, அடர்த்தி எண்ணையே பாருங்கள். பெட்ரோல் வரியில் 0.83 என்று இருந்தால் அது டேங்கரின் பக்கத்து அறையில் ஏற்றிய டீசலின் அடர்த்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். எழுதும்போது வரி மாறியிருக்கும். காகிதப் பிழைதானா, இல்லை உள்ளே உண்மையிலேயே வேறு பொருள் இருக்கிறதா என்று தெரியும்வரை இறக்கவேண்டாம்.

பல அறைகள் இருந்தால்

ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகக் கிலோ போட்டு, கடைசியில் கூட்டுங்கள். அடர்த்திகளைச் சராசரி எடுக்கும் பழக்கம் வேண்டாம். நம் 12,000 லிட்டரோடு (0.7295) இன்னோர் அறையில் வேறு பேட்ச் பெட்ரோல் 4,000 லிட்டர் இருக்கிறது, அதே வெப்பநிலையில் அடர்த்தி 0.7400 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் போட்டால் 8,754-உம் 2,960-உம் சேர்ந்து 11,714 கிலோ. இரண்டு அடர்த்தியின் சராசரி 0.73475-ஐ 16,000-ஆல் பெருக்கினால் 11,756. பெரிய அறைக்கும் சிறிய அறைக்கும் சம மதிப்புக் கொடுத்ததால் 42 கிலோ எங்கிருந்தோ முளைத்துவிட்டது.

எடைப்பாலத்தோடு ஒப்பிடும்போது

எடைப்பாலத்தில் நிறைந்த லாரியின் எடையிலிருந்து காலி லாரியின் எடையைக் கழித்தால் வருவது நம் 8,755-ஐவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். காற்று எல்லாப் பொருளையும் கொஞ்சம் தாங்குகிறது. தராசு அந்த அளவு குறைத்துக் காட்டுகிறது. அட்டவணை அடர்த்தியிலிருந்து வருவதோ காற்றில்லா வெளியின் நிறை. காற்றில் எடை வேண்டுமென்றால் அடர்த்தியிலிருந்து லிட்டருக்கு 0.0011 கிலோ கழிக்கவேண்டும்: 11,752 × 0.7439 = 8,742 கிலோ. 13 கிலோ வித்தியாசம். நோட்டில் கேட்பது எது என்று படிவத்தைப் பாருங்கள். "காற்றில்" என்று அச்சிட்டிருந்தால் இந்த எண்ணை எழுதவேண்டும்.

எடைப்பாலத்தையே இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. பல எடைப்பாலங்கள் 20 கிலோ படிகளில்தான் காட்டும். காலியாக நிறுத்தியபோது இருந்த ஓட்டுநர் நிறைந்தபோது கீழே இறங்கி நின்றால் 70, 80 கிலோ மாறும். நடுவில் லாரிக்கு டீசல் போட்டிருந்தால் அதுவும் சேரும். நம் கணக்கிலும் எல்லை உண்டு: ஹைட்ரோமீட்டர் வாசிப்பு 0.0005 பிசகினால் 6 கிலோ, வெப்பநிலை ஒரு டிகிரி பிசகினால் ஏறக்குறைய 11 கிலோ. அதனால் 8,754.53 கிலோ என்று எழுதுவதில் பொருளே இல்லை. அடர்த்திக்கும் திருத்தக் காரணிக்கும் நான்கு தசமம் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் சுருக்காதீர்கள், கடைசிக் கிலோவை மட்டும் முழு எண்ணாக்குங்கள்.

நோட்டில் எழுதும்போது கிலோவை மட்டும் தனியாக எழுதிவிடாமல், அது எப்படி வந்தது என்பதையும் அதே வரியில் வையுங்கள். நம் லாரிக்கு இப்படி இருக்கும்:

பெட்ரோல், அறை 1. அளந்தது 12,000 லிட்டர், 32.0 டிகிரியில். அடர்த்தி 15 டிகிரியில் 0.7450 (சான்றிதழ்). திருத்தக் காரணி 0.9793. 15 டிகிரியில் 11,752 லிட்டர். நிறை 8,755 கிலோ.